பதினாறடி அறைக்குள் மூன்று பேர்

நாடக ஒத்திகையில் ‘பிளாக்கிங்’ என்று சொல்லப்படும் வேலை, எந்த நடிகர் எந்த வசனத்தில் எங்கே நிற்கிறார், எங்கிருந்து எங்கே நகர்கிறார், எப்போது உட்காருகிறார் என்பதை முடிவு செய்வது. நாற்பதடி அகல மேடையில் இதில் கொஞ்சம் தப்பு நடந்தாலும் பெரிதாகத் தெரியாது. பார்வையாளர் தூரத்தில் இருக்கிறார், வெளிச்சம் ஓர் இடத்தை எடுத்துக்காட்டி இன்னோர் இடத்தை மறைத்துவிடும். அறுபது பேர் உட்காரும் ஒரு சின்ன அறையில் அந்தச் சலுகை கிடையாது. நடிகரின் கால் விரல் அசைவதுகூட முதல் வரிசைக்குத் தெரியும். அதே சமயம், ஒருவர் ஓரடி தள்ளி நின்றுவிட்டால் நான்கு பேருக்குக் காட்சியே தெரியாது.

அறைக்குள் நாடகம் போடுவது இந்தியாவில் வசதிக் குறைவால் மட்டும் வந்த பழக்கமல்ல. 1970களில் கல்கத்தாவில் பாதல் சர்க்கார் திரையும் மேடையும் உள்ள அரங்கை வேண்டுமென்றே விட்டு வெளியேறி, ‘அங்கன் மஞ்ச்’ என்ற பெயரில் ஓர் அறையின் தரையிலேயே பார்வையாளருக்கு நடுவில் நாடகம் நடத்தினார். தமிழில் கூத்துப்பட்டறை, பரீக்‌ஷா போன்ற குழுக்கள் 1970களின் பிற்பகுதியில் தொடங்கியபோது, சபா மேடைக்கு வெளியே கிடைத்த கூடங்களும் வகுப்பறைகளும் மொட்டை மாடிகளும்தான் பல நாடகங்களுக்கு அரங்காயின. சபா மேடையில் நடிகர்கள் எங்கே நிற்பது என்பதைப் பெரும்பாலும் மைக்தான் தீர்மானித்தது. மைக் இருக்கும் இடத்தில் வரிசையாக வந்து நின்று, சபையைப் பார்த்துப் பேசிவிட்டு ஒதுங்குவார்கள். அறைக்குள் மைக் வேண்டாம், அதனால் அந்த வரிசையும் வேண்டாம். ஆனால் வரிசை போன இடத்தில் வேறொரு ஒழுங்கு வந்தாக வேண்டும்.

அந்த ஒழுங்கை உண்டாக்குவது எப்படி, அதை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் காட்சியைக் கொண்டு பார்க்கலாம். இருபத்துநான்கு அடி அகலம், முப்பதடி நீளம் உள்ள ஒரு கூடம். குறுகலான சுவரை ஒட்டி, பதினாறடி அகலமும் பன்னிரண்டடி ஆழமும் உள்ள இடம் ஆடுகளம். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை நாற்காலி, எதிரே நான்கு வரிசை. மூன்று பக்கமும் பார்வையாளர், ஒரு பக்கம் மட்டும் சுவர். சுவரின் ஓர் ஓரத்தில் உண்மையான கதவு ஒன்று இருக்கிறது, அது நாடகத்தில் தெருக் கதவு. மறு ஓரத்து மூலையில் குறுக்காக ஒரு திரை கட்டப்பட்டிருக்கிறது, அது அடுப்படி வாசல். திரைக்குப் பின்னால் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காத்திருக்கும் அளவுக்கு இடம் உண்டு.

காட்சியில் மூன்று பேர். வயதான தாய், அவளோடு இருந்து பார்த்துக்கொள்ளும் மகள் வசந்தா, வெளியூரில் இருக்கும் அண்ணன் சண்முகம். வீட்டை விற்பதற்குத் தாயின் கைநாட்டு வாங்க அவன் வருகிறான். வீட்டில் இறந்துபோன தகப்பனாரின் சாய்வு நாற்காலி ஒன்று இருக்கிறது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது சாமான்களை. இதை ஒத்திகையின் பாதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற குழுக்கள்தான் கடைசி வாரத்தில் அவதிப்படுகின்றன. பதினாறுக்குப் பன்னிரண்டு என்பது காகிதத்தில் பெரிதாகத் தெரியும். ஒரு கட்டிலையும் மேசையையும் போட்டவுடன் நடிகர்கள் பக்கவாட்டில் நெளிந்து போக வேண்டியிருக்கும். இந்தக் காட்சிக்கு மூன்றே சாமான் போதும்: சாய்வு நாற்காலி, டிரங்குப் பெட்டி, ஒரு பாய். நாற்காலி சுவர்ப் பக்கம் நடுவில், ஆனால் சுவரோடு ஒட்டாமல். பின்னால் ஒருவர் போய் நிற்க இரண்டடியாவது இடைவெளி வேண்டும். சுவரோடு ஒட்டிய நாற்காலியில் உட்கார மட்டும்தான் முடியும். இடைவெளி விட்ட நாற்காலியைச் சுற்றி வரலாம், பின்னால் நின்று பிடித்துக்கொள்ளலாம், அதை நடுவில் வைத்து இருவர் பேசலாம். ஒரே பொருளுக்கு மூன்று நான்கு உபயோகம் கிடைக்கிறது. டிரங்குப் பெட்டி தெருக் கதவு இருக்கும் பக்கத்தில், முன்வரிசையை நோக்கித் தள்ளி. அது ஒன்றரை அடி உயரம்தான் என்பதால் யாரையும் மறைக்காது. தாயின் பாய் எதிர்ப்பக்கம், அடுப்படி வாசலுக்கு முன்னால்.

பாயை எவ்வளவு உள்ளே தள்ளிப் போடுவது என்பதில்தான் தமிழ் வீட்டுக் காட்சிகள் பெரும்பாலும் இடறுகின்றன. நம் வீடுகளில் தரையில் உட்காருவது இயல்பு, நாடகத்திலும் அப்படியே வருகிறது. ஆனால் கூடத்தின் தரை சமதளம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி உயரத்தில் இருக்கும், அவருக்கு முன்னால் இருப்பவரின் உச்சந்தலை அதைவிட உயரம். ஆக, தரையில் உட்காரும் நடிகரை முதல் வரிசை மட்டும்தான் முழுதாகப் பார்க்கும், மற்றவர்கள் தலைகளின் இடுக்கில் தேட வேண்டும். முன்வரிசையை நாற்காலியிலிருந்து ஜமக்காளத்துக்கு மாற்றினால் நிலைமை வேறு. தரையில் இருப்பவரின் தலை மூன்றடியைத் தாண்டாது, இரண்டாம் வரிசையின் பார்வை அதற்கு மேலாக இறங்கி வரும். அப்படி இறங்கும் பார்வை, தரையில் உட்கார்ந்த நடிகரின் மார்பு வரை எட்ட வேண்டுமானால் அவர் முன்வரிசைக்கு ஆறடி தள்ளி இருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் முகம் மட்டும் தெரியும், கை வேலை தெரியாது. தாய் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள், அந்தக் கை நிற்பது காட்சியில் முக்கியம். ஆகவே பாய் முன்வரிசையிலிருந்து ஏழடி உள்ளே போகிறது. மூன்றாம், நான்காம் வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தள்ளிப் போடுவதும், அவற்றின் கீழே ஓரடி உயரப் பலகை வைப்பதும் மிச்சத்தைச் சரிசெய்துவிடும்.

சாமான்கள் நின்ற பிறகு பாதைகளைப் பார்க்கலாம். பன்னிரண்டடி தூரத்தைச் சாதாரண நடையில் கடக்க மூன்று வினாடிக்கு மேல் ஆகாது. நான்கைந்து எட்டு வைத்தால் சுவர். ‘யோசித்தபடி அங்குமிங்கும் நடக்கிறான்’ என்று எழுதப்பட்ட நடிகர் இந்த அறையில் கூண்டுக்குள் அடைபட்டவர்போலத் தெரிவார், அது காட்சிக்கு வேண்டியதாக இருந்தால் சரி. இருப்பதிலேயே நீளமான பாதை மூலைக்கு மூலை போவது. அது இருபதடி. அதனால்தான் சிறிய அரங்கில் பழகிய இயக்குநர்கள் நேர்க்கோட்டைவிடக் குறுக்குக் கோட்டை விரும்புகிறார்கள். தூரம் கூடுகிறது என்பது ஒரு காரணம். குறுக்கே நடப்பவரை மூன்று பக்கமும் ஓரளவு முகத்தோடு பார்க்க முடியும் என்பது அதைவிட நல்ல காரணம். இதற்கும் மேல் தூரம் வேண்டுமென்றால் தெருக்கூத்தின் வழி இருக்கிறது. ஆடுகளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஊர் கடந்து போயாகிவிட்டது. நாட்டிய சாஸ்திரமும் மேடையைப் பகுதிகளாகப் பிரித்து, சுற்றி நடந்து இடம் மாறுவதை முறையாகவே சொல்கிறது. ஆனால் அரிசியில் உண்மையிலேயே கல் பொறுக்கும் ஒரு நாடகத்தில் திடீரென்று ஒருவர் சுற்றி வந்து மதுரை போய்ச் சேர முடியாது. ஒரு நாடகத்துக்கு ஒரு வழிதான் பொருந்தும், அதை முதல் காட்சியிலேயே காட்டிவிட வேண்டும்.

இருவர் பேசும்போது நிற்கும் விதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்று பக்கமும் ஆட்கள் இருக்கையில், முகத்துக்கு முகம் கையெட்டும் தூரத்தில் நிற்கும் இருவர் ஒருவரையொருவர் மறைப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒருவரின் முதுகு மட்டும் தெரியும், எதிரே இருப்பவர் அந்த முதுகுக்குள் காணாமல் போய்விடுவார். ஐந்தாறு அடி இடைவெளி விட்டால் இருவரையும் பார்க்கும் கோணம் பெரும்பாலோருக்குக் கிடைத்துவிடும். முதுகு பார்வையாளர் இல்லாத பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது: சுவர், கதவு, வரிசைகளுக்கு இடையிலுள்ள நடைபாதை. முதுகையே காட்டக் கூடாது என்று பழைய மேடைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த விதி இங்கே செல்லாது. யாரோ சிலருக்கு எப்போதும் முதுகு தெரிந்துகொண்டுதான் இருக்கும். ஒரே பக்கத்துக்கு ஒரு முழுப் பக்க வசனத்துக்கு மேல் முதுகு தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதுமானது. முன்வரிசைக்கும் நடிகருக்கும் நடுவே மூன்றடி எப்போதும் காலியாக இருக்கட்டும். அதற்குள் நுழைந்தால் பார்வையாளர் நாடகத்தை விட்டுவிட்டுத் தன் காலை இழுத்துக்கொள்வதில் இறங்கிவிடுகிறார்.

இனி நகர்வு. வசனம் தேங்குகிற இடத்திலெல்லாம் நடிகரை எழுப்பி நடக்க வைப்பது புது இயக்குநர்களுக்கு வரும் வியாதி. பெரிய மேடையில் அது உயிர்ப்பு மாதிரி தோன்றலாம். அறைக்குள் வெறும் பதற்றமாகத்தான் தெரியும். ஏனென்றால் இங்கே இருவருக்கு இடையிலுள்ள தூரத்தைப் பார்வையாளர் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறார். தூரம் மாறினால் உறவில் ஏதோ மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். ஒன்றும் மாறாமல் தூரம் மட்டும் மாறினால் குழம்புகிறார், அப்படி மூன்று தரம் நடந்தால் கவனிப்பதை விட்டுவிடுகிறார். ஆகவே நகர்வைத் திட்டமிடும்போது கேட்க வேண்டிய கேள்வி, ‘இவன் எங்கே போகலாம்?’ என்பதல்ல, ‘இந்த வரியில் இவன் யாரை நெருங்க விரும்புகிறான், யாரிடமிருந்து தப்பப் பார்க்கிறான்?’ என்பதே. இடம் தானாக வந்துவிடும்.

சண்முகத்தின் காட்சியை இந்தக் கேள்வியோடு நடத்திப் பார்க்கலாம். அவன் தெருக் கதவில் வருகிறான், செருப்பை விடுகிறான். அம்மா எதிர்ப்பக்கம் பாயில். இடையில் அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கிறது. அவன் அம்மாவை நெருங்க வந்தவன்தான், ஆனால் உடனே நெருங்கத் துணிவில்லை. எனவே நாற்காலியைத் தாண்டி வந்து, அம்மாவுக்கு மிகத் தொலைவிலுள்ள டிரங்குப் பெட்டியில் உட்காருகிறான். அங்கிருந்து மழை, பஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று பேச்சு. எதிரே இருப்பவர்களுக்கு அவன் முதுகும் அம்மாவின் முகமும் தெரிகிறது. இந்தப் பகுதியில் பார்க்க வேண்டியது அம்மாவின் முகம்தான் என்பதால் அது சரியான ஏற்பாடு.

வசந்தா அடுப்படி வாசலிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவருகிறாள். அவளுக்குக் கிடைப்பது அந்த இருபதடிக் குறுக்குப் பாதை. அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவிலுள்ள கோட்டை அவள் வெட்டிக்கொண்டு போகிறாள், அந்த ஐந்து வினாடியும் யாரும் பேசுவதில்லை. இங்கே வசனம் வைத்தால் இரண்டும் கெடும். தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவள் அங்கேயே நின்றால் முன்வரிசையில் ஒரு பகுதிக்குத் தடுப்புச் சுவராகிவிடுவாள். திரும்பிப் போய், சாய்வு நாற்காலிக்குப் பின்னால், அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முதலில் விட்டுவைத்த அந்த இரண்டடி இப்போது வேலைக்கு வருகிறது.

சண்முகம் மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்த் தரையில் உட்காருகிறான். ஒத்திகையில் நடிகர்கள் இயல்பாக எதிரெதிரே உட்காருவார்கள், அப்போது அவன் முதுகு முன்வரிசைக்கு முழுதாக வந்து அம்மாவை மறைக்கும். அவனைப் பாயின் சுவர்ப் பக்கம் உட்கார வைத்தால் இருவர் முகமும் திறக்கிறது. தவிர, அவன் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து காகிதத்தை நீட்ட வேண்டி வருகிறது, அந்தத் தோரணையே அவன் செய்யும் காரியத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கிறது. பார்வை மறைவதைச் சரிசெய்யப் போய்ப் பாத்திரத்துக்கு ஒரு குணம் கிடைப்பது சிறிய அரங்கில் அடிக்கடி நடக்கும்.

அப்போது வசந்தா நாற்காலிக்குப் பின்னாலிருந்து, எவ்வளவுக்குப் பேசியிருக்கிறாய் என்று கேட்கிறாள். அவன் எழுந்து அம்மாவை விட்டு விலகுகிறான், தொகையைச் சொல்கிறான், சொல்லிவிட்டு நினைவில்லாமல் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான். காட்சி தொடங்கியதிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை, எல்லோரும் அதைச் சுற்றியே நடமாடியிருக்கிறார்கள். அம்மாவின் கை நிற்கிறது. இதுவரை இடம்விட்டு அசையாதவள் அவள் ஒருத்திதான், அதனாலேயே அவள் எழுந்திருப்பது எல்லாக் கண்ணையும் இழுக்கும். அவனை எழுந்திருக்கச் சொல்கிறாள். எழுகிறான். அவள் அரிசி முறத்தை எடுத்துவந்து நாற்காலியின்மேல் வைக்கிறாள். இனி அதில் யாரும் உட்கார முடியாது. பத்திரம் பாயிலேயே கிடக்கிறது.

வெளியேறுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய மேடையில் கடைசி வரியைப் பேசியபடியே நடந்து போகலாம். இங்கே நாற்காலியிலிருந்து தெருக் கதவு மூன்று எட்டு, வரி முடிவதற்குள் ஆள் வெளியே போயிருப்பான். செருப்பு அதற்காகத்தான் வாசலில் கிடக்கிறது. செருப்பை மாட்டக் குனிவது, ஒன்றைக் காலால் துழாவுவது, இதற்குள் ஏழெட்டு வினாடி கிடைக்கிறது, கடைசி வரி அதில் அடங்கிவிடும். செருப்பை விடுவதைத் தொடக்கத்தில் எழுதாமல் விட்ட நாடகாசிரியர் இந்த வினாடிகளை இழப்பார்.

இவ்வளவும் முடிவான பிறகு எழுத்து வருகிறது. மேடைக் குறிப்பு எழுதுபவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஒரு வகை இப்படி:

(சண்முகம் மனதுக்குள் பெரும் போராட்டத்துடன், சிறுவயது நினைவுகள் அலைமோத, குற்ற உணர்வை மறைத்தபடி மெல்ல அந்த வீட்டுக்குள் அடியெடுத்து வைக்கிறான்.)

இதில் இயக்குநருக்கு உபயோகமான தகவல் ஒன்றுதான்: அவன் உள்ளே வருகிறான். எந்த வாசல், கையில் என்ன, எங்கே நிற்கிறான், அறையில் வேறு யார் இருக்கிறார்கள், எதுவும் இல்லை. சிறுவயது நினைவை எந்த நடிகரும் நடந்து காட்ட முடியாது. இது சிறுகதையின் வாக்கியம், வாசிக்க நன்றாக இருப்பதாலேயே பிரதியில் தங்கிவிடுகிறது. இன்னொரு வகை, மூன்றடி முன்னே வந்து நாற்பத்தைந்து பாகை இடப்பக்கம் திரும்பி இரண்டு வினாடி நிற்கிறான் என்று போகும். எழுதியவர் மனத்தில் இருக்கும் அறையில் மட்டும் அது செல்லுபடியாகும். அடுத்த ஊரின் கூடத்தில் கதவு வேறு பக்கம் இருந்தால் மொத்தப் பக்கத்தையும் அடித்துவிட வேண்டியதுதான். சாமுவேல் ஃப்ரெஞ்ச் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட ஆங்கில நடிப்புப் பிரதிகள் பலவற்றில் முதல் தயாரிப்பின் நகர்வுகள் அப்படியே அச்சாகியிருக்கும். அனுபவமுள்ள இயக்குநர்கள் அவற்றை முதல் வாசிப்பிலேயே பேனாவால் அடித்துவிடுவது வழக்கம்.

அளவு எழுதுவதே தவறென்று சொல்லிவிட முடியாது. 1976இல் லண்டனில் முதலில் மேடையேறிய சாமுவேல் பெக்கெட்டின் ‘ஃபுட்ஃபால்ஸ்’ நாடகத்தில் ஒரு பெண் ஒரே கோட்டில் போய்ப் போய்த் திரும்புகிறாள். நீளம் ஒன்பது அடிவைப்பு, அகலம் ஒரு மீட்டர் என்று பெக்கெட் குறித்திருக்கிறார், எந்தக் கால் முதலில் என்பதற்குப் படமும் போட்டிருக்கிறார். அங்கே நடையின் எண்ணிக்கைதான் நாடகம். எண்ணை எடுத்தால் நாடகம் போய்விடும். சண்முகம் நான்கு எட்டில் போனாலும் ஆறு எட்டில் போனாலும் அவன் கதை மாறாது. அளவு வேண்டுமா என்பதை இந்தச் சோதனையிலேயே முடிவு செய்துவிடலாம்.

வேறு அறையிலும் செல்லுபடியாகும் குறிப்பு, தூரத்தைப் பொருள்களாலும் ஆட்களாலும் சொல்கிறது. வலம், இடம் என்று எழுதினால் நடிகரின் வலமா பார்ப்பவரின் வலமா என்ற கேள்வி உடனே வரும். நாடக உலகில் நடிகர் சபையைப் பார்த்து நிற்கும்போது அவருக்கு வலது எதுவோ அதுதான் மேடை வலம். மூன்று பக்கமும் சபை இருந்தால் அந்த வழக்கமும் உதவாது. தெருக் கதவு, அடுப்படி வாசல், நாற்காலி, பெட்டி என்று பெயர் வைத்துவிட்டால் யார் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குழப்பமில்லை. பிரதியின் தொடக்கத்தில் இவை ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்று நான்கு வரியும், கையால் போட்ட ஒரு தரைப்படமும் இருந்தால் போதும். அதன் பிறகு காட்சி இப்படி எழுதப்படும்:

(அம்மா அடுப்படி வாசலருகே பாயில் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்குகிறாள். தெருக் கதவு வழியாகச் சண்முகம், கையில் மஞ்சள் பை. செருப்பை வாசலில் விடுகிறான். சாய்வு நாற்காலியைத் தொடாமல் கடந்து, அம்மாவுக்குத் தள்ளி, டிரங்குப் பெட்டியில் உட்காருகிறான். அம்மா நிமிரவில்லை.)

தொகையைக் கேட்கும் இடம்:

வசந்தா: எவ்வளவுக்குப் பேசியிருக்கண்ணே?

(சண்முகம் எழுந்து அம்மாவை விட்டு விலகுகிறான்.)

சண்முகம்: முப்பத்திரண்டு.

(சொன்ன பிறகு சாய்வு நாற்காலியில் உட்காருகிறான். அம்மாவின் கை நிற்கிறது.)

அம்மா: எந்திரிடா.

இதில் ஓர் உணர்ச்சிப் பெயர்கூட இல்லை. அவன் வெட்கப்படுகிறானா, ஆத்திரப்படுகிறானா என்பதை நடிகரும் இயக்குநரும் கண்டுபிடிப்பார்கள், ஊருக்கு ஊர் அது மாறலாம். மாறக் கூடாதவை மட்டும் குறிப்பில் இருக்கின்றன. தொகையைச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும், அது அந்த நாற்காலியாகத்தான் இருக்க வேண்டும், அதுவரை வேறு யாரும் அதில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

‘சொன்ன பிறகு’ என்ற இரண்டு சொல் அங்கே சும்மா இல்லை. நகர்ந்துவிட்டுப் பேசினால் காது வரியில் நிற்கும். பேசிவிட்டு நகர்ந்தால் கண் நகர்வில் நிற்கும். பேசிக்கொண்டே நகர்ந்தால் இரண்டும் சாதாரணமாகிவிடும், அன்றாடப் பேச்சுக்கு அதுவே பொருத்தம். அவன் உட்கார்ந்துவிட்டு ‘முப்பத்திரண்டு’ என்று சொன்னால் பார்வையாளர் பணத்தைப் பற்றி யோசிப்பார். சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நாற்காலியைப் பற்றி யோசிப்பார், இந்தக் காட்சிக்கு அதுதான் தேவை. குறிப்பு வரிக்கு முன்னா, நடுவிலா, பின்னா என்று துல்லியமாக வைக்கப்பட்டிருந்தால், அதில் வேறெதுவும் இல்லாவிட்டாலும் இயக்குநர் சமாளித்துக்கொள்வார். ஒரு நீண்ட வசனத்துக்கு முன்னால் மூன்று நகர்வுகளைச் சேர்த்து ஒரே அடைப்புக்குள் போடுவது பரவலான பழக்கம். எது எங்கே நடக்க வேண்டும் என்று தேட வைப்பதைத் தவிர அதனால் பயன் எதுவுமில்லை.

கைப்பொருள்களையும் விடாமல் பின்தொடர வேண்டும். வசந்தா கொடுத்த சொம்பு என்னவாயிற்று? சண்முகம் அதைக் கையிலேயே வைத்திருந்தால் பத்திரத்தை எடுக்க முடியாது. குடித்துவிட்டுப் பெட்டியின் ஓரத்தில் வைக்கிறான் என்று ஒரு வரி எழுதவில்லையென்றால், நான்காவது ஒத்திகையில் நடிகர் சொம்பும் கையுமாக நின்று இயக்குநர் முகத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு பொருளும் யார் கையில் வந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று பிரதியை ஒருமுறை அதற்கென்றே வாசித்தால் இந்த ஓட்டைகள் தெரிந்துவிடும்.

இயக்குநரின் பிரதி வேறு. அவர் ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் வெற்றுத் தாள் என்று கட்டிக்கொள்வார். வெற்றுத் தாளில் சிறிய தரைப்படம் இருக்கும். வசனத்தில் குறிப்பிட்ட சொல்லின் மேல் 1, 2 என்று எண் போட்டு, எதிரே அதே எண்ணில் ‘ச. எழு’, ‘ச. நாற்காலிக்கு’ என்று சுருக்கமாக எழுதி அம்புக்குறி போடுவார். எல்லாம் பென்சிலில். பத்து ஒத்திகைக்குள் பாதி அழிந்து மாறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். நாடகாசிரியர் எழுதாமல் விட்ட அடிக்கணக்கும் கோணமும் இங்கேதான் குறிக்கப்படுகின்றன, அந்த அறைக்கு மட்டும், அந்த நடிகர்களுக்கு மட்டும்.

ஒத்திகை நடக்கும் இடம் நாடகம் நடக்கும் இடமாக இருப்பது அபூர்வம். மொட்டை மாடியில் பழகிய நகர்வுகள் கூடத்துக்குள் வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று மோதும். தரையில் சுண்ணாம்புக்கட்டியாலோ டேப்பாலோ பதினாறுக்குப் பன்னிரண்டு கோடு போட்டு, கதவின் அகலத்தைக் குறித்து, அதோடு நிறுத்தாமல் முன்வரிசையின் கோட்டையும் போட்டு நான்கு நாற்காலியாவது உண்மையில் வைத்துவிட வேண்டும். வெறும் கோட்டை நடிகர்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். நாற்காலியை மிதிக்க முடியாது.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். ஒன்று, இயக்குநர் நடு இருக்கையை விட்டெழுந்து, இரு பக்க வரிசைகளின் கடைசி நாற்காலிகளிலும் நான்காம் வரிசை ஓரத்திலும் மாறி மாறி உட்கார்ந்து முழுக் காட்சியையும் பார்ப்பது. நடு இருக்கையிலேயே பார்த்துப் பார்த்து ஒழுங்கு செய்த காட்சி அங்கிருந்து மட்டும்தான் அழகாக இருக்கும். இன்னொன்று, வசனமே இல்லாமல் நகர்வுகளை மட்டும் ஓட்டி, பிரதியைப் படிக்காத ஒருவரிடம் காட்டுவது. யார் எதையோ கேட்க வந்திருக்கிறார், யார் தடுக்கிறார், எந்த இடத்தில் காரியம் கெட்டது என்று அவர் ஏறக்குறைய சொல்லிவிட்டால் பிளாக்கிங் சரி. ‘எல்லோரும் ஏன் நடந்துகொண்டே இருக்கிறார்கள்?’ என்று கேட்டால், பாதி நகர்வுகளை எடுத்துவிட்டு நடிகர்களை உட்கார வைத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

நாடகம் நான்கைந்து முறை நடந்த பிறகு ஆசிரியர் தன் பிரதிக்குத் திரும்பி வருகிறார். இயக்குநரின் பென்சில் குறிப்புகளில் எவை அச்சுக்குப் போக வேண்டும்? சண்முகம் பாயின் சுவர்ப் பக்கம் உட்கார்ந்தது இந்தக் கூடத்தின் தேவை. வேறு அரங்கில் வேறு மாதிரி அமையும், அது வேண்டாம். வசந்தா குறுக்குப் பாதையில் வந்ததும் அப்படியே. ஆனால் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டதால்தான் சண்முகம் அவள் முன்னிலையிலேயே அதில் உட்கார்ந்தான், எனவே அது பிரதிக்குள் போகிறது. முறத்தை நாற்காலியில் வைப்பது ஒத்திகையில் நடிகை கண்டுபிடித்ததாக இருந்தாலும் அதுவும் போகிறது. சொம்பு பெட்டியின் ஓரத்தில் இருக்கிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது, இரண்டும் ஏற்கெனவே எழுதியாயிற்று.